சிறுகுறிஞ்சான் கேட்டு வருபவரிடம் என்ன சொல்வது? நாட்டு மருந்துக் கடைப் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு

கேள்வி: "மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் வேலை செய்கிறார்கள். வருகிறவர்கள் 'இதைச் சாப்பிட்டால் குணமாகுமா?' என்றுதான் கேட்கிறார்கள். ஆகும் என்றால் தப்பு. தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். இவர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?"

பதில்:

எல்லா நோய்க்கும் சேர்த்து ஒரே நாளில் பாடம் நடத்தாதீர்கள். சர்க்கரை நோயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைக்கு அதிகம் வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். தவறான பதிலால் சில நாட்களுக்குள்ளேயே ஆபத்து வரக்கூடிய கேள்வியும் அதுதான். சிறுகுறிஞ்சான் கேட்டு வருபவருக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்த பணியாளர், மூட்டுவலிக்கும் மூலத்துக்கும் பதில் சொல்லத் தானே பழகிக்கொள்வார். நான் சித்த மருத்துவம் படித்தவன். இந்த மூலிகைகள் மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பினால்தான், இவற்றைப் பற்றிப் பொய்யான வாக்கு கொடுக்கப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

முதலில் நிறுத்த வேண்டியது ஒரு செய்முறை விளக்கம். பல கடைகளில் அதைப் பார்க்கலாம். சிறுகுறிஞ்சான் பொடியை வாடிக்கையாளரின் நாக்கில் கொஞ்சம் தடவச் சொல்வார்கள். ஒரு நிமிடம் கழித்து ஒரு சிட்டிகை சீனியைக் கொடுப்பார்கள். இனிக்காது, மணலை மென்றது போல இருக்கும். வாடிக்கையாளர் வியந்து நிற்கும்போது, "பார்த்தீர்களா, நாக்கில் உள்ள சர்க்கரையையே எடுத்துவிட்டது, இரத்தத்தில் உள்ளதை விடுமா?" என்பார்கள். பொடி உடனே விற்றுவிடும். ஆனால் நாக்கில் நடப்பது வேறு. அந்த இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் ஏற்பிகளைச் சிறிது நேரம் மறைத்துக்கொள்கின்றன. அரை மணி நேரம், அதிகமானால் ஒரு மணி நேரம் கழித்து நாக்கு பழையபடி ஆகிவிடும். சீனி எங்கும் போய்விடவில்லை. விழுங்கிய சீனி முழுவதும் இரத்தத்துக்குத்தான் போகிறது. நாக்கில் இனிக்கவில்லை என்பது இரத்தத்தில் சர்க்கரை குறையும் என்பதற்குச் சாட்சி ஆகாது. பயிற்சியின் முதல் நாளில் நான்கு பேரும் தங்கள் நாக்கிலேயே இதைச் செய்து பார்க்கட்டும். எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று அவர்களே சொல்லட்டும். அதன் பிறகு வாடிக்கையாளரிடம் இதைச் செய்து காட்ட அவர்களுக்கே மனம் வராது.

அப்படியானால் சிறுகுறிஞ்சானால் இரத்தச் சர்க்கரை குறையவே குறையாதா? குறையலாம். சிக்கலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் இலை இது. சிறிய அளவிலான ஆய்வுகள் சிலவற்றில் சர்க்கரை குறைந்தும் இருக்கிறது. ஆனால் யாருக்கு, எவ்வளவு குறையும் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. உங்கள் கடைக்கு வருபவர் பெரும்பாலும் ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர். குறைக்கும் மாத்திரையோடு குறைக்கக்கூடிய பொடியும் சேர்ந்தால், சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். ஆகவே "ஒன்றும் செய்யாது, தைரியமாகச் சாப்பிடுங்கள்" என்பதும் தவறு, "குணமாகிவிடும்" என்பதும் தவறு. இந்த இரண்டையும் தவிர்த்துப் பேசுவதற்குத்தான் பயிற்சி.

ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் வருகிறார். "தம்பி, சிறுகுறிஞ்சான் பொடி அரைக்கிலோ கொடு. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முந்நூறில் இருந்த சர்க்கரை நூற்றிருபதுக்கு வந்துவிட்டதாம். எனக்கும் குணமாகிவிடும்தானே?"

பழக்கதோஷத்தில் பையன் தராசைத் தொட்டுவிடுவான். தொடுவதற்கு முன் அவன் மூன்று விஷயங்களைக் கேட்டாக வேண்டும். இது யாருக்கு? இப்போது என்ன மாத்திரை, ஊசி எடுக்கிறார்கள்? கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, ஆறாத புண் ஏதாவது இருக்கிறதா? இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "யாருக்கு அம்மா, உங்களுக்கா?" என்று தொடங்கினால் விசாரணை மாதிரி தெரியாது. வீட்டில் உள்ள மற்றவருக்கு வாங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் அந்த முதல் கேள்வியை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை உள்ள குழந்தைக்கு என்று ஒருவர் சொன்னால் பேச்சே மாறிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாத்திரையின் பெயர் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வெள்ளை மாத்திரை" என்பார். நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அட்டை கையில் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் வீட்டில் உள்ளவரிடம் போனில் கேட்டு, அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுற்று வட்டாரக் கிராமங்களில் பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்களிடம் பரிசோதனை விவரம் எழுதிய அட்டையோ சீட்டோ இருக்கக்கூடும், அதைக் கேட்கலாம். உங்கள் பையன்கள் மருந்தியல் படிக்க வேண்டியதில்லை. அட்டையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு என்று ஏதாவது இருக்கிறதா, இன்சுலின் போடுகிறாரா என்று பார்த்தால் போதும். இவை சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இழுக்கக்கூடிய மருந்துகள். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் அந்த ஆபத்து குறைவு. ஆனால் ஒரே மாத்திரைக்குள் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்து வருவது சாதாரணம் என்பதால் பெயரை முழுவதும் படிக்கப் பழக்குங்கள். இந்த அம்மாவின் அட்டையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது பையன் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இப்படி: "அம்மா, இது சிறுகுறிஞ்சான் இலைப் பொடி. சித்த மருத்துவத்தில் சர்க்கரைக்குக் கொடுப்பது உண்டு. உங்களுக்குக் குணமாகும் என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் கடையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையோடு இது சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அதனால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்தச் சீட்டில் பெயரை எழுதித் தருகிறேன், அப்படியே காட்டுங்கள்." சீட்டில் மூலிகையின் பெயர், இலைப் பொடி, இன்ன கடை என்று மட்டும் எழுதினால் போதும். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. அங்கே மாத்திரை, மூலிகை இரண்டையும் ஒருவரிடமே பேசலாம் என்பதைச் சொல்லுங்கள். அலோபதி மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மூலிகையை மறைப்பவர்களுக்கு அது ஒரு வழி.

அந்த அம்மா விடமாட்டார். "அதெல்லாம் சரி தம்பி, குணமாகுமா ஆகாதா, ஒரே வார்த்தையில் சொல்." பணியாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள், மரியாதைக்காகவே "ஆகும் அம்மா" என்றுவிடுகிறார்கள். ஒத்திகையில் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். "அந்த வாக்கை நான் கொடுக்கக் கூடாது அம்மா. சர்க்கரை குறைகிறதா என்று பரிசோதனையில்தான் தெரியும்" என்பது போதுமான பதில். முகம் கோணாமல், குரல் தாழாமல் சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னால் ஏதோ மறைப்பதாகத் தோன்றும்.

அடுத்து வருவது பெரிய கேள்வி: "இதைச் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" இதற்கு யோசிக்கவே கூடாது. "கூடாது அம்மா. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டியது." நான்கு பேரும் இதை ஒரே சொற்களில் சொல்ல வேண்டும். ஒருவர் "கூடாது" என்றும் இன்னொருவர் "பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னால், கேட்பவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார். "ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்கள்" என்ற பேச்சையும் இதோடு சேர்த்து விலக்குங்கள். நாற்பத்தெட்டு நாள் என்று ஒரு கெடு வைத்தால், அதுவே வாக்குறுதி ஆகிவிடுகிறது. அந்த நாற்பத்தெட்டு நாளும் மாத்திரையை நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் கதைக்கு வருவோம். முந்நூறு நூற்றிருபது ஆனது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முந்நூறு சாப்பிட்ட பின் எடுத்ததாகவும் நூற்றிருபது வெறும் வயிற்றில் எடுத்ததாகவும் இருந்தால், இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில்கூட வரும். பொடி தொடங்கிய அன்றே அவர் இரவுச் சோற்றையும் விட்டிருக்கலாம். மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருக்கலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைப் பார்க்காமல் எது குறைத்தது என்று பேசவே முடியாது. அந்த அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கி வாதாட வேண்டாம். "அவருக்கு வந்தது உங்களுக்கும் வரும் என்று சொல்ல முடியாது அம்மா" என்றால் போதும். ஆனால் உங்கள் பணியாளர்கள் காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் அவர்களே நாளைக்கு "நம் கடையில் வாங்கிய ஒருவருக்கு முந்நூறு நூற்றிருபது ஆனது" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதுவும் குணமாகும் என்று சொல்வதுதான்.

விற்கலாமா என்று கேட்பீர்கள். என் கருத்து இது. இன்சுலின் போடுபவருக்கும் மேலே சொன்ன மாத்திரைகள் சாப்பிடுபவருக்கும், மருத்துவரைக் கேட்டு வரும்வரை கொடுக்காதீர்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர் எச்சரிக்கையைக் கேட்டுக்கொண்டு வாங்க விரும்பினால், அரைக்கிலோ வேண்டாம், நூறு கிராம் பாக்கெட் கொடுங்கள். மருத்துவர் வேண்டாம் என்றால் அவருக்கு நட்டம் குறைவு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். "இயற்கைதானே, பக்கவிளைவு இல்லை" என்ற வாக்கியத்தைக் கடையில் யாரும் சொல்லக் கூடாது. சிறுகுறிஞ்சான் சாப்பிட்ட பின் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவு உண்டு. அரிதுதான், ஆனால் "இல்லை" என்று சொல்வது பொய்யாகிவிடுகிறது.

"ஆவாரம்பூ, நாவல்கொட்டை, வெந்தயம், கடலழிஞ்சில் எல்லாம் சேர்த்து நீங்களே கலந்து கொடுங்கள்" என்பவர்களும் வருவார்கள். அதைச் செய்யாதீர்கள். கலந்து, பெயர் வைத்து, நோய்க்கு மருந்தாக விற்றால் அது மருந்துத் தயாரிப்பு, அதற்கு உரிமம் வேண்டும். அதைவிட, ஏதாவது ஆனால் எந்தப் பொடியால் ஆனது என்று மருத்துவமனையில் கண்டுபிடிக்கவும் முடியாது.

சர்க்கரை இறங்கிவிட்டதன் அடையாளங்களை நான்கு பேரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் வாங்கிப்போனவர் முதலில் கடைக்குத்தான் போன் செய்வார். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும்பசி, பேச்சுக் குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது. அளவு கருவி இருந்தால் 70-க்குக் கீழே காட்டும். நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. சிறுகுறிஞ்சான் அப்போதுதான் சாப்பிட்டிருந்தால் அந்தத் தண்ணீர் இனிக்காது. "இனிக்கவே இல்லை, வேலை செய்யாது போல" என்று பாதியில் வைத்துவிடக் கூடாது என்று சொல்லுங்கள், அது வேலை செய்யும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். தெளிந்த பிறகும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மீண்டும் இறங்கலாம்.

தை மாதத்தில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுவார்கள், சாப்பாடு குறையும், நாள் முழுவதும் நடப்பார்கள். அதோடு இந்தப் பொடியும் சேர்ந்தால் வழியிலேயே மயங்கி விழ நேரும். புரட்டாசி சனிக்கிழமை விரதக்காரர்களுக்கும் அப்படியே. "விரதமா அம்மா, நடைப்பயணம் ஏதாவது போகிறீர்களா?" என்று அந்த மாதங்களில் கேட்கப் பழக்குங்கள்.

இனி, விற்கவே கூடாத சந்தர்ப்பங்கள். சர்க்கரை உள்ள குழந்தைக்கு என்று கேட்டால் பொடி இல்லை. குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் இன்சுலினே சுரக்காத வகை. இன்சுலின் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்று உயிருக்கு ஆபத்தாக முடியும். "ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்" என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இது. காலில் புண் என்று மஞ்சளோ வேப்பெண்ணெயோ கேட்டு வரும் சர்க்கரைக்காரரையும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வலி இல்லை என்று அவர் சொன்னால் இன்னும் அவசரம். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல் இருக்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் பணியாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள். 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் 54 நோய்கள் இருக்கின்றன. சர்க்கரை அதில் ஒன்று. புற்றுநோய், இரத்த அழுத்தம், பக்கவாதம், வலிப்பு, உடற்பருமன் ஆகியவையும் உண்டு. இவற்றைக் குணப்படுத்தும், தணிக்கும், தடுக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் என்றால் பலகையும் நோட்டீசும் மட்டும் என்று நினைக்காதீர்கள், வாயால் செய்யும் அறிவிப்பையும் அந்தச் சட்டம் விளம்பரம் என்றே சொல்கிறது. கவுண்டரில் ஒருவருக்குச் சொல்லும் பதில் அதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும், நீங்கள் அந்த எல்லைக்கே போக வேண்டாம். கடை வாசலில் "சர்க்கரை நோய் தீர" என்ற பலகை இருந்தால் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் நிறுத்துங்கள். நீங்களே அடைக்கும் பாக்கெட்டில் "சிறுகுறிஞ்சான் இலைப் பொடி, 100 கிராம்", அடைத்த தேதி, கடைப் பெயர் என்று எழுதுங்கள், நோயின் பெயர் வேண்டாம்.

பயிற்சிக்கு வாரம் ஒருநாள் கடை திறந்ததும் கூட்டம் வருவதற்கு முன் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் பணியாளர், மற்ற இருவரும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளராக நடிப்பவருக்கு ஒரு இரகசியம் கொடுங்கள்: இன்சுலின் போடுகிறார், கேட்டால் மட்டும் சொல்வார். அல்லது கேட்பது தன் மகளுக்கு, அவள் கர்ப்பம். பணியாளர் அதைக் கேட்டு வெளியே கொண்டுவந்தாரா என்பதுதான் தேர்வு. "தெரியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்துபவருக்கு, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கு ஒரு நோட்டு வைத்து, பதில் தெரியாத கேள்விகளை எழுதிவைத்து, பதிவு பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் வாரம் ஒருமுறை கேட்டு நிரப்புங்கள். அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள் என்று சொன்னீர்கள், சிலர் போகத்தான் செய்வார்கள். அவர்களைப் பிடித்துவைக்க நீங்கள் கொடுக்கக்கூடியது அந்த நோட்டில் கிடைக்கும் பதில்தான். கேட்டுச் சொல்வதாகச் சொன்னவருக்கு மறக்காமல் போன் செய்யுங்கள்.

ஒன்றை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று பையன்களுக்குக் கமிஷன் கொடுக்கிறீர்களா? கொடுத்தால், வெறும் சீட்டோடு அனுப்பிய ஒவ்வொரு வாடிக்கையாளரும் அவர்கள் சம்பளத்திலிருந்து குறைகிறார். மாத்திரை அட்டையை அவர்கள் பார்க்காமலேயே பாக்கெட்டை நீட்டுவார்கள். குறைந்தது சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டுக்கும் வாங்கும் பொருள்களிலாவது கமிஷனை எடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாதச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுங்கள். அதை முடித்துவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள்.